கூட்டி ஒன்பதால் வகுத்தால் வராத கணக்கு

போன மாதம் ஒரு இரவு, சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, மூன்றாம் பருவத்தேர்வு முடிவைக் கைபேசித் திரையில் இருந்தபடியே படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: "தாத்தா, ஜி.பி.ஏ. 8.44!"

எனக்கு ஒரே மகிழ்ச்சி. அவள் பாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாட்டி உடனே கேட்டாள்: "அப்போ அந்த டிரஸ்ட் பணம் கிடைச்சிடுமா?"

அதுதான் விஷயம். ஒரு அறக்கட்டளை கல்வி உதவித்தொகை தருகிறது. அந்தப் பருவத்தின் ஜி.பி.ஏ. 8 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. விடுதிக் கட்டணத்தில் பாதி அதில் அடங்கிவிடும். என் மாப்பிள்ளையின் வருமானம் எனக்குத் தெரியும். அந்தப் பணம் அவர்கள் வீட்டுக்குச் சின்ன விஷயமில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவன் நான். யார் ஒரு தொகையைச் சொன்னாலும் ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. படத்தைப் பெரிதாக்கி, ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் மகிழ்ச்சி போய்விட்டது. 8.44 என்பது தவறு. சரியான எண் 7.87.

பேத்தி படிப்பில் கெட்டி. அவள் செய்தது நாம் எல்லோரும் செய்யக்கூடிய பிழைதான். ஒன்பது பாடங்களுக்கும் கிடைத்த கிரேடுப் புள்ளிகளைக் கூட்டி ஒன்பதால் வகுத்துவிட்டாள். நம் காலத்தில் அது சரியாக இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் நூறு மதிப்பெண். கூட்டினோம், தாள்களின் எண்ணிக்கையால் வகுத்தோம், சதவீதம் வந்தது. அறுபதுக்கு மேல் முதல் வகுப்பு. எல்லாத் தாளும் சம எடை. இன்றைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஒரு எடை இருக்கிறது. அந்த எடையைச் சேர்க்காமல் சராசரி எடுத்தால் வருவது வேறு ஏதோ ஒரு எண். அது ஜி.பி.ஏ. ஆகாது.

நம் வயதுக்காரர்களுக்கு இதை வைப்புத்தொகையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு இடத்தில் ஒரு லட்சம் ரூபாய் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறீர்கள். இன்னொரு இடத்தில் பத்தாயிரம் ரூபாய் 9 சதவீதத்துக்கு. உங்கள் பணத்துக்குச் சராசரி வட்டி எவ்வளவு? ஏழையும் ஒன்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து, எட்டு என்று யாரும் சொல்லமாட்டோம். லட்சத்துக்கு 7,000, பத்தாயிரத்துக்கு 900, ஆக 7,900 ரூபாய். அதை மொத்த முதல் 1,10,000 ஆல் வகுத்தால் 7.18 சதவீதம். சின்ன முதலுக்குக் கிடைத்த பெரிய வட்டி சராசரியைக் கொஞ்சம்தான் தூக்குகிறது.

கிரெடிட் என்பது முதல். கிரேடுப் புள்ளி என்பது வட்டி விகிதம். கணக்கு அவ்வளவுதான்.

இந்தக் கிரெடிட் எங்கிருந்து வருகிறது? வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்பதிலிருந்து வருகிறது. பேத்தி படிக்கும் கல்லூரியின் பாடத்திட்டமும் கிரேடுப் படிகளும் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையை ஒட்டியவை. அதில் வாரம் ஒரு விரிவுரை வகுப்புக்கு ஒரு கிரெடிட். ஆய்வகத்தில் ஒரு வகுப்புக்கு அரை கிரெடிட். அதனால்தான் வாரம் மூன்று வகுப்பு ஆய்வகம் என்றால் 1.5 என்று அரைக்கணக்கில் வருகிறது. நான்கு கிரெடிட் கணிதத்தையும் ஒன்றரை கிரெடிட் ஆய்வகத்தையும் சமமாகப் பாவிப்பது, லட்சத்தையும் பத்தாயிரத்தையும் சமமாகப் பாவிப்பது போலத்தான்.

அடுத்தது கிரேடுப் புள்ளி. அதே ஒழுங்குமுறையில் 91 முதல் 100 வரை எடுத்தால் O, அதற்கு 10 புள்ளி. 81 முதல் 90 வரை A+, 9 புள்ளி. 71 முதல் 80 வரை A, 8 புள்ளி. 61 முதல் 70 வரை B+, 7 புள்ளி. 56 முதல் 60 வரை B, 6 புள்ளி. 50 முதல் 55 வரை C, 5 புள்ளி. ஐம்பதுக்குக் கீழே U, அதாவது தேர்ச்சியில்லை.

பேத்தி அனுப்பிய படத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன். கடைசிப் பத்தி மட்டும் நான் போட்டது. கிரெடிட்டையும் புள்ளியையும் பெருக்கி வந்தது.

| பாடம் | கிரெடிட் | மதிப்பெண் | புள்ளி | பெருக்கம் |
|---|---|---|---|---|
| தனிநிலைக் கணிதம் | 4 | 70 | 7 | 28 |
| டிஜிட்டல் கோட்பாடுகள், கணினி அமைப்பு | 4 | 58 | 6 | 24 |
| தரவு அறிவியல் அடிப்படை | 3 | 72 | 8 | 24 |
| டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் | 3 | 64 | 7 | 21 |
| ஆப்ஜெக்ட் புரோகிராமிங் | 3 | 75 | 8 | 24 |
| டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆய்வகம் | 1.5 | 92 | 10 | 15 |
| புரோகிராமிங் ஆய்வகம் | 1.5 | 94 | 10 | 15 |
| தரவு அறிவியல் ஆய்வகம் | 2 | 91 | 10 | 20 |
| தொழில்திறன் மேம்பாடு | 1 | 95 | 10 | 10 |
| மொத்தம் | 23 | | | 181 |

181ஐ 23 ஆல் வகுத்தால் 7.8695 என்று நீள்கிறது. இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 7.87.

பேத்தி செய்தது என்ன? புள்ளிப் பத்தியை மட்டும் கூட்டினாள். 76 வந்தது. ஒன்பதால் வகுத்தாள். 8.44. எங்கே ஏறியது என்று பட்டியலைப் பார்த்தாலே தெரியும். கீழே உள்ள நான்கு வரிகளிலும் பத்துக்குப் பத்து. ஆனால் அந்த நான்குக்கும் சேர்த்து எடை ஆறு கிரெடிட்தான். மேலே உள்ள இரண்டே பாடங்களுக்கு எட்டு கிரெடிட். அவற்றில்தான் ஏழும் ஆறும். சின்ன முதலுக்குப் பெரிய வட்டி, பெரிய முதலுக்குச் சின்ன வட்டி.

கைபேசியில் எண்களைத் தட்டிப் போடத் தெரிந்தவர்கள் கணக்குத்தாள் செயலியில், கிரெடிட்டை B பத்தியிலும் புள்ளியை C பத்தியிலும் இரண்டாம் வரியிலிருந்து பத்தாம் வரிவரை இட்டு, இந்த ஒரு வரியை எழுதினால் போதும்.

```
=SUMPRODUCT(B2:B10,C2:C10)/SUM(B2:B10)
```

ஆனால் முதல் தடவை தாளில் போடுவதே நல்லது என்பேன். பெருக்கப் பத்தி கண்ணெதிரே இருந்தால்தான் எந்தப் பாடம் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும்.

திரைப்படத்திலிருந்து, அதாவது ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து கணக்குப் போடும்போது வேறு சில வம்புகள் இருக்கின்றன. முதலில் எனக்கு வந்த படத்தில் எட்டு வரிதான் இருந்தது. ஒன்பதாவது வரி திரைக்குக் கீழே நின்றுவிட்டது. கிரெடிட் பத்தியும் இல்லை. கைபேசியை வலப்பக்கம் தள்ளினால்தான் அது வருமாம். அகமதிப்பெண், தேர்வு மதிப்பெண், மொத்தம் என்று மூன்று பத்தி வேறு. எதை எடுப்பது? மொத்தத்தைத்தான் எடுக்கவேண்டும். இன்னும் இரண்டு படம் அனுப்பச் சொல்லி வாங்கினேன். அவற்றில் ஒன்றில் 1.5 என்பதன் புள்ளி மங்கி, 15 போலத் தெரிந்தது.

இதற்கெல்லாம் பேரேடு எழுதியவர்களின் பழைய மருந்துதான். விடை காண்பதற்கு முன் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கவேண்டும். கல்லூரிப் பாடத்திட்டப் புத்தகத்தில் மூன்றாம் பருவத்தின் மொத்தக் கிரெடிட் அச்சிட்டிருக்கும். இங்கே அது 23. நாம் எடுத்த பத்தியும் 23 வரவேண்டும். 22 வந்தால் ஒரு கிரெடிட் வரி விட்டுப்போயிருக்கிறது. 36.5 வந்தால் ஏதோ ஒரு 1.5ஐ 15 என்று படித்திருக்கிறோம். விடை வந்த பிறகும் ஒரு பார்வை வேண்டும். எடையுள்ள சராசரி, இருப்பதில் குறைந்த புள்ளிக்கும் கூடிய புள்ளிக்கும் நடுவில்தான் விழும். அதிகக் கிரெடிட் உள்ள பாடங்களின் பக்கம் சாய்ந்திருக்கும். இந்தப் பட்டியலில் பெரிய பாடங்கள் ஆறு, ஏழு, எட்டில் இருக்கின்றன. விடை எட்டரைக்குப் பக்கத்தில் வந்தால் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

மறுநாள் காலை பேத்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கண்ணு, நீ அந்த உதவித்தொகை விண்ணப்பத்துல எவ்வளவு போட்டே?"

"8.44 தான் தாத்தா. நேத்து ராத்திரியே அனுப்பிட்டேன்."

கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "7.87னா ஏறக்குறைய 8 தானே தாத்தா?" என்றாள்.

ஏறக்குறைய 8தான். ஆனால் 8 இல்லை. மதிப்பெண் பட்டியலில் இரண்டு தசமம் அச்சாகும். அறக்கட்டளைக்காரர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் 8.44, பட்டியலில் 7.87 என்றால், தப்பாகக் கூட்டினாள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். பொய் சொன்னாள் என்றுதான் நினைப்பார்கள். அடுத்த வருஷத்துக்கும் கதவு சாத்திவிடும். அன்றைக்கே அவர்களுக்குத் திருத்தக் கடிதம் அனுப்பச் சொன்னேன். எழுதவே மனசில்லாமல் எழுதினாள். ஆனால் எழுதிவிட்டாள்.

அதன் பிறகுதான் பட்டியலை இன்னொரு தரம் பார்த்தேன். இந்தக் கணக்கின் இன்னொரு முகம் அப்போதுதான் தெரிந்தது. கணிதத்தில் 70 மதிப்பெண். 71 என்றால் அடுத்த படி. ஒரே ஒரு மதிப்பெண் கூடினால் புள்ளி 7லிருந்து 8 ஆகும். நான்கு கிரெடிட் என்பதால் மொத்தம் 181லிருந்து 185 ஆகும். 185ஐ 23 ஆல் வகுத்தால் 8.04. உதவித்தொகை வாசலுக்கு உள்ளே.

மறுமதிப்பீட்டுக்கு எந்தப் பாடத்தைப் போடுவது என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். பெரும்பாலும் எதில் மதிப்பெண் ரொம்பக் குறைந்ததோ அதைப் போடுகிறார்கள். எது மனசை அதிகம் நோகடித்ததோ அது. பேத்தியும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்குத்தான் போடப்போவதாகச் சொன்னாள். அதில் நன்றாக எழுதியதாக நினைத்தாளாம். கணக்குப் போட்டுக் காட்டினேன். அதில் 64. படி ஏற 71 வேண்டும். ஏழு மதிப்பெண் கூடினாலும் மூன்று கிரெடிட் என்பதால் 184தான் வரும். 23 ஆல் வகுத்தால் சரியாக 8. ஏழு மதிப்பெண் கூடுவது எளிதா, ஒன்று கூடுவது எளிதா? இன்னொரு பாடத்தில் 58. அதற்கு 61 வேண்டும். மூன்று மதிப்பெண். கிரெடிட் நான்கு. அது இரண்டாவது இடம். ஆக, முதலில் பார்க்கவேண்டியது அடுத்த படிக்கு எத்தனை மதிப்பெண் குறைகிறது என்பது. இரண்டாவது, அந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பது. மனவருத்தம் இந்தக் கணக்கில் வராது.

கணிதத்துக்கு மட்டும் மறுமதிப்பீடு போட்டாள். கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நான் கட்டினேன். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. மாற்றமில்லை. எழுபது எழுபதாகவே நின்றது. உதவித்தொகை கிடைக்கவில்லை. விடுதிக் கட்டணத்துக்கு என் மாப்பிள்ளை நகைக்கடன் வாங்கினார்.

இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. விடைத்தாள் திருத்தியவர் ஒரு மதிப்பெண் தந்திருக்கலாமே என்று பாட்டி இன்னும் சொல்கிறாள். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

முதலாவது, இந்தப் படிமுறையே எனக்குச் சரியாகப் படவில்லை. 61 எடுத்தவளுக்கும் 70 எடுத்தவளுக்கும் ஒரே ஏழு. 70க்கும் 71க்கும் இடையில் ஒரு முழுப் புள்ளி. ஒன்பது மதிப்பெண் உழைப்பு கணக்கில் வரவில்லை. ஒரு மதிப்பெண் தலைவிதியை எழுதுகிறது. இதற்கு மாற்று வெளிநாட்டில் இல்லை, நம் ஊரிலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன் கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கிறான். அவன் மதிப்பெண் பட்டியலில் புள்ளிகள் 7.6, 6.4 என்று தசமத்தில் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் முறை அது. 76 எடுத்தால் புள்ளி 7.6. மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்ததுதான் புள்ளி. எடைபோடுவது மட்டும் இதே கிரெடிட்டால்தான்.

நியாயமாகப் பேசவேண்டும் என்பதால் பேத்தியின் மதிப்பெண்களை அந்த முறையிலும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 1,701. 23 ஆல் வகுத்தால் 73.96. பத்தால் வகுத்தால் ஜி.பி.ஏ. 7.40. படிமுறையில் வந்த 7.87ஐவிடக் குறைவு! ஆய்வகத்தில் 91 எடுத்ததற்கே படிமுறை முழுப் பத்தைத் தந்துவிட்டது. தசம முறை 9.1தான் தரும். ஆகவே படிமுறை அவளுக்கு அநீதி செய்தது என்று நான் சொல்லமுடியாது. கொடுக்கவும் செய்தது. ஆனால் ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரு கல்லூரியில் 7.87, இன்னொரு கல்லூரியில் 7.40 என்றால், எல்லோருக்கும் பொதுவாக "ஜி.பி.ஏ. 8" என்று வாசலில் எழுதி வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். பெயர் ஒன்றுதான். அளவுகோல் வேறு.

விழுந்த பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் U வாங்கிய பாடத்தை ஜி.பி.ஏ. கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டு முறையிலோ தேர்ச்சியில்லாத பாடத்துக்குப் புள்ளி பூஜ்யம். பேத்தி அந்த 58 எடுத்த பாடத்தில் விழுந்திருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். விலக்கினால் 157ஐ 19 ஆல் வகுக்கவேண்டும். 8.26. விழுந்ததால் சராசரி ஏறிவிட்டது! பூஜ்யம் போட்டுக் கிரெடிட்டையும் சேர்த்துக்கொண்டால் 157ஐ 23 ஆல். 6.83. ஆகவே திரைப்படத்தில் ஒரு U தெரிந்தால், அந்தக் கல்லூரியின் விதி எது என்று தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள். விலக்கி வந்த உயர்ந்த எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அந்த நான்கு கிரெடிட் இன்னும் கடனாகவே நிற்கிறது.

இரண்டாவது கருத்துதான் எனக்கு முக்கியம். பேத்தியிடம் கேட்டேன்: "கண்ணு, இந்தப் பருவத்துல எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் செலவழிச்சே?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "லேப் ரெக்கார்டு எழுதினதுதான் தாத்தா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுதியிருக்கேன்" என்றாள். மூன்று ஆய்வகமும் சேர்ந்து ஐந்து கிரெடிட். கணிதமும் கணினி அமைப்பும் எட்டு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். "உனக்கு இது தெரியுமா?" என்றேன். கிரெடிட் என்று ஒரு பத்தி இருப்பது தெரியும், அது இப்படி வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை என்றாள்.

ஆய்வகத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். கையால் செய்து பழகாமல் பொறியாளர் ஆகமுடியாது. ஆனால் எடை எது என்று பருவம் முடிந்து, முடிவு வந்து, திரைப்படம் எடுத்த பிறகு தெரிந்து என்ன பயன்? சங்கத்தில் கடன் கொடுக்கும்போது வட்டி விகிதத்தைக் கடைசித் தவணையிலா சொல்வோம்? பத்திரத்தின் முதல் பக்கத்தில் எழுதுவோம். அதுபோல வகுப்புக் கால அட்டவணையில் ஒவ்வொரு பாடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் கிரெடிட்டை அச்சிடவேண்டும். முடிவுப் பக்கத்தில் பெருக்கப் பத்தியையும், கிரெடிட் மொத்தத்தையும், இதை இதனால் வகுத்தோம் என்ற ஒரு வரியையும் காட்டவேண்டும். அதிகச் செலவில்லை, ஒரு பத்தி கூடுதல். எங்கள் சங்கத்தில் வட்டிக் கணக்குத் தாளைப் பக்கத்தில் வைக்காமல் எந்த மேலாளரும் கையெழுத்துப் போட்டதில்லை.

கல்லூரி செய்யும்வரை நாம் காத்திருக்கவேண்டியதில்லை. நாலாம் பருவம் தொடங்கிய அன்று பேத்தி இங்கே வந்திருந்தாள். பாடத்திட்டப் புத்தகத்தைத் திறந்து, ஒரு தாளில் பாடங்களை எழுதச் சொன்னேன். பெயர் ஒரு பத்தி, கிரெடிட் ஒரு பத்தி. புள்ளிப் பத்தி காலி. பெருக்கப் பத்தி காலி. எந்த இரண்டு பாடம் அதிகக் கனம் என்று அவளே வட்டம் போட்டாள். தாளை மடித்துப் பையில் வைக்கும்போது, "தாத்தா, இந்தத் தடவை நான் கூட்டுறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்புறேன்" என்றாள்.

"வேண்டாம்மா. நீ கூட்டிட்டு அனுப்பு. நான் சரிபார்க்கிறேன்" என்றேன்.